சாய்ந்த கிணறும் தேக்குக் கட்டிலும்

பாலம் கட்டுகிற வேலையில் இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், எது கஷ்டம் என்று. வெள்ளம் என்பார்கள், சிமெண்டு வரவில்லை என்பார்கள், ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். எல்லாம் சப்பைக்கட்டு. மேலே உட்கார்ந்திருப்பவரிடம் போய் "வேலை கோணலாகிவிட்டது" என்று சொல்வதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் வெயிலில் நின்றால் முடிந்துபோகும்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன கொஞ்ச காலத்தில், காரைக்காலுக்குத் தெற்கே ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு நான்தான் பொறுப்பு எஞ்சினியர். மதராஸில் படித்து முடித்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்த மிதப்பில் இருந்தேன். எங்கள் வீடு திருமலைராயன்பட்டினத்தில். தலைமுறை தலைமுறையாகக் கப்பல், துணி, பாக்கு என்று கடலை நம்பிப் பிழைத்த குடும்பம். சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். வாப்பா பிரெஞ்சுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கி விற்றவர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சர்க்கார் ஆன பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வாப்பாவும் ஏறக்குறையப் படுத்துவிட்டார். வீடு என் சம்பளத்தில் ஓடியது. இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். காண்ட்ராக்டர் முக்கியமாக அறிவார்.

அவர் நாகப்பட்டினத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எப்போதும் தணிந்த குரல். அவர் யாரிடமும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வேலை தொடங்கிய புதிதில் ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார், திருப்பி அனுப்பினேன். தீபாவளிக்குப் பட்டு அனுப்பினார். அதையும் திருப்பி அனுப்பினேன். மறுநாள் எதிரே வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டு, "சார் மாதிரி நாலு பேரு இருந்தா நாடு உருப்புடுங்க" என்றார். நான் அதை நம்பினேன். இருபத்தைந்து வயதில் யாராவது நம்மை யோக்கியன் என்று சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

பாலத்தின் கால்கள் எப்படி நிற்கின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆறுகளுக்கு அடியில் பாறை கிடையாது. மணலும் களிமண்ணும்தான். அதனால் கிணறு இறக்குவோம். இரும்பு விளிம்பு வைத்த வட்டத்தின் மேல் செங்கல்லால் கிணற்றுச் சுவர் எழுப்பி, உள்ளே இருக்கும் மண்ணை வாரி வாரி வெளியே எடுத்தால், கிணறு தன் கனத்திலேயே கீழே இறங்கும். கொஞ்சம் இறங்கியதும் மேலே இன்னும் கொஞ்சம் கட்டுவோம். மறுபடி மண்ணை எடுப்போம். கெட்டியான அடிமண் வரும்வரை இப்படியே போகும். அதன்பிறகு உள்ளே கான்கிரீட் போட்டு அடைத்து, அதன்மேல் தூணை எழுப்புவது. கிணறு நேராக இறங்க வேண்டும். அதுதான் எல்லாம்.

நடு ஆற்றுக் கிணறு கோளாறு செய்தது. சுவரின் நான்கு பக்கமும் அடியிலிருந்து அளவுக் கோடுகள் போட்டு வைத்திருப்போம். நான்கு பக்கமும் ஒரே கோடு தண்ணீரைத் தொட்டால் கிணறு நேர். ஒருநாள் காலையில் வடக்குப் பக்கம் கோடு மேலே நின்றது, தெற்குப் பக்கம் கீழே போயிருந்தது. தண்ணீரில் மூழ்கி வேலை செய்யும் முங்கு ஆட்களை உள்ளே இறக்கிப் பார்க்கச் சொன்னேன். வடக்கு விளிம்புக்கு அடியில் எந்தக் காலத்திலோ புதைந்த பெரிய மரம் ஒன்று குறுக்கே கிடப்பதாக வந்து சொன்னார்கள். அந்தப் பக்கம் மரத்தில் தட்டி நிற்க, இந்தப் பக்கம் இறங்க, கிணறு சாய்ந்துவிட்டது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆற்றில் கிணறு சாய்வது எங்கும் நடப்பதுதான். கட்டுவதை நிறுத்தி, மரத்தை அறுத்தெடுத்து, உயர்ந்து நிற்கும் பக்கம் மண்ணை வாரி, அதே பக்கம் பாரம் ஏற்றினால் மெல்ல நிமிரும். நாளாகும், அவ்வளவுதான். அதுவரை மேலே ஒரு செங்கல் வைக்கக்கூடாது. சாய்ந்த கிணற்றின்மேல் தூக்குக்குண்டு பிடித்து நேராகச் சுவர் எழுப்பினால், பார்க்கிற கண்ணுக்குக் கிணறு நேராகத் தெரியும்; தண்ணீருக்குள் ஒடிந்த முழங்கை போல இருக்கும். அதன்மேல் தூணும் பாலமும் வண்டியும் ஏறினால் பாரம் ஒரு பக்கமாக விழும். வெள்ளம் வந்து அடிமண்ணை அரித்தால் பிறகு சொல்ல வேண்டியதில்லை.

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியே செஞ்சிடுவோங்க சார்" என்றார். "நீங்க தங்கச்சி கல்யாணத்தைப் பாருங்க. இங்க நான் இருக்கேன்ல."

என் தங்கைக்கு அந்த வாரம் நிக்காஹ். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளை காரைக்கால்காரர், சைகோனில் அவர்களுக்குத் துணிக்கடை. எங்கள் மக்களிடம் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவருக்கென்று ஓர் அறை. வருஷத்தில் பாதி நாள் கடலுக்கு அப்பால் இருப்பவர் என்றாலும் அந்த அறை அவருடையது. அதில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் சம்பந்தி வீட்டுப் பெண்கள் எங்களை எடை போடுவார்கள். உம்மா மாதக்கணக்கில் அந்தக் கவலையில் இருந்தார். இருந்த பழைய கட்டிலுக்கு வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்.

கல்யாணத்தன்று நான் விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டு பந்தலிலும் சமையல் கொட்டகையிலுமாக ஓடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அறைப் பக்கமே போகவில்லை. போக வேண்டிய வேலையும் இல்லை. மறுநாள் மாலை உம்மா என்னைக் கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "நீ ஒண்ணுமே சொல்லலியே வாப்பா" என்றார். எங்கள் பக்கம் தாய்மார்கள் மகனையும் செல்லமாக வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன சொல்லல?"

"கட்டிலைத்தான். சம்பந்தி வூட்டுப் பொம்பளைங்க வாயைப் பொளந்துட்டாளுவ."

கல்யாணத்தன்று மாட்டு வண்டியில் வந்திருக்கிறது. நாகப்பட்டினத்து ஆசாரி செய்த தேக்குக் கட்டில், தலைமாட்டில் கொடியும் பூவும் செதுக்கியது. கூட வந்த காண்ட்ராக்டரின் ஆள் உம்மாவிடம், "எஞ்சினியர் சாருக்குத் தெரியும், அவருகிட்ட சொல்லியாச்சுங்க" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். உம்மா பழைய கட்டிலை வெளியே தள்ளிவிட்டு இதைப் போட்டார். அன்று இரவு மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் படுத்தாகிவிட்டது.

இதில் இருக்கும் சாமர்த்தியம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மாம்பழத்தைத் திருப்பி அனுப்பலாம். பட்டைத் திருப்பி அனுப்பலாம். மாப்பிள்ளை படுத்த கட்டிலை அனுப்ப முடியாது. எங்கள் பக்கம் அந்த அறையிலிருந்து கட்டில் வாசலைத் தாண்டுவதற்கு இரண்டே காரணம்தான். ஒன்று மவுத்து, அதாவது சாவு. இன்னொன்று தலாக். மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே கட்டில் வெளியே போனால், நீ இனி வர வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். காண்ட்ராக்டர் இந்துவாக இருந்தாலும் இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர். எதை அனுப்பினால் திரும்பி வராது என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் அனுப்பினார்.

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். நடு ஆற்றில் கிணறு ஓங்கி நிமிர்ந்து நின்றது. புதுச் சுவர் ஓர் ஆளுக்கு மேல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஈரச் சாக்கு சுற்றியிருந்தார்கள். நாலு பக்கமும் அளவுக் கோடுகளைப் புதிதாக வரைந்திருந்தார்கள். எல்லாம் ஒரே மட்டம்.

"மரத்தை எடுத்தாச்சுங்க. தானா நிமிந்துக்கிச்சு" என்றார் காண்ட்ராக்டர்.

ஒரு வாரத்தில் மரம் அறுத்து, கிணறு நிமிர்த்தி, இவ்வளவு சுவரும் கட்ட ஜின்னு வந்தால்தான் உண்டு. படகில் போய் மேலே ஏறி, கிணற்றின் உட்புறம் தூக்குக்குண்டை இறக்கினேன். தெற்குச் சுவரை ஒட்டி இறக்கியபோது புதுக்கட்டு வரை நூல் சுவரோடு சரியாகப் போயிற்று. அதற்குக் கீழே குண்டு பழைய சுவரில் போய் உட்கார்ந்தது. வடக்குச் சுவரை ஒட்டி இறக்கினேன். புதுக்கட்டு முடிகிற இடத்திலிருந்து சுவர் நூலை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. மரமும் அங்கேயேதான் கிடந்தது. முங்கு ஆள் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் துவட்டிக்கொண்டே அதைச் சொன்னான்.

கரைக்கு வந்து, "புதுக்கட்டைப் பிரிக்கணும்" என்றேன்.

காண்ட்ராக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே, "தங்கச்சிக்குக் கட்டில் சௌகரியமா இருக்குங்களா சார்?" என்றார்.

நான் கட்டிலுக்கு விலை கொடுக்கிறேன் என்றேன். காதைப் பொத்திக்கொண்டார். "சீருக்கு விலை வாங்குனா எனக்குப் பாவம் வந்து சேருங்க" என்றார். இவர் பாவத்துக்குப் பயந்தவர்.

அடுத்த நாள் என் மேலதிகாரி புதுச்சேரியிலிருந்து ஜீப்பில் வந்தார். பெரியவர், வேலை தெரிந்தவர். நான் சாய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது. அவர் அடுத்துச் செய்தது வேலை தெரியாதவர் செய்த காரியமாக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. கிணற்றைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை. கொட்டகையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

"திறப்பு விழாவுக்கு டில்லியிலேருந்து ஆள் வர்றதா ஏற்பாடாயிட்டுது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"பிரெஞ்சுக்காரன் இருந்தவரைக்கும் வேலை நடந்துச்சு, இவங்க வந்தாங்க, ஒரு பாலம் நிக்கலன்னு சொல்றதுக்குன்னே இந்த ஊர்ல ஆளுங்க இருக்காங்க. அவங்க வாயில நாம அவலைப் போடணுமா?"

"இதை இப்படியே இறக்குனா நிக்காது சார்."

"இப்ப விழா முடியட்டும். அப்புறமா பலப்படுத்திக்கலாம்."

மேலே பாலத்தை ஏற்றிய பிறகு அடியில் ஒடிந்த கிணற்றை எந்தப் பலத்தால் நிமிர்த்துவது என்று கேட்டேன். அவர் மாத அறிக்கையில் "வேலை திருப்திகரம்" என்று எழுதி அனுப்பச் சொன்னார். பொய் எழுதச் சொல்லவில்லையாம். எழுத வேண்டாததை எழுதாமல் இருக்கச் சொல்கிறாராம்.

அங்கேயே நான் கட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். காண்ட்ராக்டரிடமிருந்து எனக்குத் தெரியாமல் வீட்டுக்கு ஒரு சாமான் வந்துவிட்டது, அதை எழுத்தில் தெரிவிக்கப் போகிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"தாராளமா தெரிவிங்க. கட்டில் இப்ப எங்க இருக்கு?"

"வீட்லதான்."

"அப்ப மேல உள்ளவங்க என்ன நினைப்பாங்க? கட்டிலை வாங்கிப் போட்டுக்கிட்டான், இன்னும் ஏதோ கேட்டிருக்கான், காண்ட்ராக்டர் இல்லேன்னுட்டான், அதனால கிணறு சாஞ்சிருக்குங்கறான். இப்படித்தான நினைப்பாங்க? நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன் தம்பி." அதுவரை என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

சுவர் இறுகியதும் மண் எடுக்கத் தொடங்குவார்கள். புதுக்கட்டு தண்ணீருக்குள் போய்விட்டால் பிறகு அதைப் பிரிப்பது பெரிய பாடு. எனக்கு இருந்தது சில நாட்கள்தான். அறிக்கை அனுப்ப வேண்டுமானால், அதற்கு முன்னால் கட்டில் என் வீட்டில் இருக்கக்கூடாது.

வீட்டில் சொன்னேன். வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உம்மா முதலில் நம்பவில்லை, பிறகு கெஞ்சினார். "மாப்பிளை அடுத்த மாசம் கப்பலேறிடுவாரு. அவரு அந்தண்ட போவட்டும், நீ இந்தண்ட எடுத்துட்டுப் போ. ஒரு மாசம் பொறுக்கக்கூடாதா?" நானே மாப்பிள்ளையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆற்றுக்குள் கிணறு ஏன் சாய்கிறது என்றுகூட விசாரித்தார். கடைசியில், "உங்க ஆபீஸ் சண்டைக்கு என் கட்டிலையா எடுப்பீங்க மச்சான்? ஊர்ல என் மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஊர் சிரிக்கும் என்று பயந்த ஆள். அந்த ஊரில் யார்தான் பயப்படாதவர்.

அன்று இரவுச் சோறு பரிமாறும்போது தங்கை, "ஒரு மாசம் காக்கா" என்றாள். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். கல்யாண மருதாணி கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை பகலில், மாப்பிள்ளை ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் உள்ளூர் ஆசாரி ஒருவனையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண் முன்னால் செய்யக்கூடாது என்று நினைத்தேன், அது மரியாதை என்று. கட்டில் முழுசாக வாசலில் நுழையாது; ஆசாரி ஆப்பைத் தட்டித் தட்டிக் கழற்றினான். அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் சன்னல் ஒவ்வொன்றாகத் திறந்தது. தங்கை மெத்தையைச் சுருட்டி இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். கீழே வைக்கச் சொன்னேன். வைக்கவில்லை.

வண்டி தெருமுனை திரும்பும்போது பள்ளிவாசல் விட்டுவிட்டது. தொழுதுவிட்டு வந்த கூட்டம் மொத்தமும் ஒதுங்கி நின்று வழிவிட்டது. மாப்பிள்ளையும் அதில் நின்றார். யாரோ ஒரு கிழவர், விவரம் தெரியாமல், "யாரு வூட்ல மவுத்து?" என்று வண்டிக்காரனைக் கேட்டார். வண்டிக்காரன் என்னைப் பார்த்தான். மாப்பிள்ளை தலைத் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருப் பக்கம் திரும்பாமல், காரைக்கால் ரோட்டில் நடக்கத் தொடங்கினார். அவருடைய பெட்டியை மறுநாள் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

கட்டிலைக் காண்ட்ராக்டரின் கொட்டகை வாசலில் இறக்கினேன். வாங்க மாட்டேன் என்றார். செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் மணலில் போட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிகளிடம், சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே அறிக்கை எழுதினேன். மேலதிகாரிக்கு ஒன்று, அவருக்கும் மேலே உள்ள ஆபீசுக்கு நேராக ஒன்று. கிணற்றின் சாய்வு, என் லீவில் எழுப்பிய சுவர், தூக்குக்குண்டு காட்டியது, வீட்டுக்கு வந்த கட்டில், அது திரும்பிப் போனது, எல்லாவற்றையும் எழுதினேன். ஒளிக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

காண்ட்ராக்டர் செய்ததைக் கேளுங்கள். அந்தக் கட்டிலைக் கொட்டகைக்கு உள்ளே எடுத்துப் போகவில்லை, விற்கவில்லை. ஆசாரியை வைத்து மறுபடி பூட்டச் சொல்லி, படகுத்துறைப் பாதையில், ஆற்றைக் கடக்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைத்தார். பாலம் வருகிறவரை எல்லோரும் படகில்தானே போக வேண்டும். யாராவது கேட்டால், அதே தணிந்த குரலில், "எஞ்சினியர் சார் தங்கச்சி கட்டிலுங்க. வேணாம்னுட்டாங்க" என்பார். மழையில் நனைந்தது, வெயிலில் வெடித்தது. கூலி ஆட்கள்கூட அதில் உட்காரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நாகூருக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார்கள். ஒரு மனிதன் கையை ஓங்காமல், வாய் தடிக்காமல் எவ்வளவு செய்யலாம் என்று நான் அவரிடம்தான் பார்த்தேன். நினைத்தால் இன்றும் எனக்கு அவர் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் போல இருக்கிறது.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். தன் கையாலேயே குண்டை இறக்கிப் பார்த்தார், முங்கு ஆளை இறக்கி மரத்தைப் பார்த்துவரச் சொன்னார். புதுக்கட்டு முழுவதையும் பிரிக்க உத்தரவு ஆயிற்று. என் மேலதிகாரி விசாரணையில், தான் ஜீப்பில் வந்த அன்றே சாய்வைக் கண்டுபிடித்து, உடனே அறிக்கை அனுப்பும்படி எனக்குச் சொன்னதாகச் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டினார்கள். முறை மீறி மேல் ஆபீசுக்கு நேரே எழுதியதற்காக எனக்கு எச்சரிக்கை வந்தது. காண்ட்ராக்டர் பிரித்துக் கட்டும் செலவை ஏற்றுக்கொண்டார். அடுத்த வருஷம் வேறோர் இடத்தில் வேறொரு வேலையும் கிடைத்தது. டில்லியிலிருந்து வந்தவருக்குத் திறக்க ஒரு பள்ளிக்கூடம் தயார் செய்தார்கள்.

மரம் அறுபட்டு வெளியே வந்தது. வடக்குப் பக்கம் மணல் மூட்டைகளை ஏற்றி, மண்ணை வாரி, தினம் காலையில் கோட்டைப் பார்ப்பேன். நூல் அகலம் நூல் அகலமாக நிமிர்ந்தது. குண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்கிய அன்று மேஸ்திரி சர்க்கரை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் செய்தது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று யாராவது சொல்ல வந்தால், அந்தப் பாலத்தின்மேல் தன் பிள்ளைகளை நிறுத்திவிட்டு வந்து சொல்லட்டும்.

மாப்பிள்ளை சொல்லாமல் கப்பலேறினார். கொஞ்ச நாள் கழித்து அவருடைய பெரிய வாப்பா ஜமாத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு வந்தார். உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. எங்கள் பிள்ளையைக் கட்டிலோடு அனுப்பினீர்கள், நாங்கள் முறையோடு முடித்துக்கொள்கிறோம் என்று சொல்லி, சைகோனிலிருந்து வந்த தலாக்கைத் தெரிவித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை இருந்த அறையில் தங்கை அதன்பிறகு தரையில் பாய் விரித்துப் படுத்தாள். உம்மா எவ்வளவு சொல்லியும் பழைய கட்டிலை உள்ளே போட விடவில்லை.

தங்கையும் நானும் இதைப் பற்றிப் பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஒருநாள் பகலில். அவள் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் முகம் கழுவப் போனேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. சோறு போடுவாள், துணியை மடித்து வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

நானாகவே சொன்னேன். "அந்தக் கெணறு அப்புடியே போயிருந்தா, ஒரு வெள்ளத்துல பாலத்தோட போயிருப்பாங்க. எத்தனை உசிரு."

அவள் மீனின் செவுளைக் கிள்ளி எறிந்தாள். "யாரு யாரு காக்கா?"

"என்ன யாரு?"

"போயிருப்பாங்கன்னு சொல்றீங்கள்ல. அது யாரு? ஒரு ஆளு பேராச்சும் சொல்லுங்க."

பஸ்ஸில் போகிறவர்கள், நாகூருக்குப் போகிறவர்கள், நெல் வண்டிக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று ஏதோ சொன்னேன். நான் முடிக்கும்வரை அவள் மீனை அலசிக்கொண்டிருந்தாள்.

"பேரு தெரியல இல்ல? நான் ஒரு பேரு சொல்றேன்" என்றாள்.

கையை அலம்பிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள்.